டீலருக்கு ஒரு மெய்நிகர் கணக்கு எண்: வரும் பணம் உரிய பில்லில் தானாகச் சேரும்படி அமைக்கும் முறை

மெய்நிகர் கணக்கு எண் என்பது தனிக் கணக்கு அன்று. அதில் இருப்புத் தொகை எதுவும் இராது. பணம் முழுவதும் உங்கள் நடப்புக் கணக்கிலேயே சேரும். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு எண் கொடுக்கப்படுவதால், எந்த எண்ணுக்கு அனுப்பப்பட்டது என்பதைக் கொண்டு பணம் யாருடையது என்று வங்கி உங்களுக்குச் சொல்லிவிடுகிறது. எந்தப் பில்லுக்கான பணம் என்பதை அது சொல்லாது. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு தொடங்குகிறவர்கள், எண்களை வழங்கிய மறுமாதமே பழையபடி எக்செல் தாளில் பில்களைத் தேடிக்கொண்டிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆகவே இந்த வழிகாட்டியின் முற்பாதி எண்ணை அமைப்பதைப் பற்றியது. பிற்பாதி, பில்லோடு பொருத்தும் விதிகளைப் பற்றியது. எடுத்துக்காட்டுக்கு, கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு செய்து சில நூறு டீலர்களுக்குக் கடனில் விற்கும் ஓர் ஆலையை எடுத்துக்கொள்கிறேன். பில் எண்களும் தொகைகளும் விளக்கத்துக்காக அமைத்தவை.

## 1. வங்கியிடம் போகுமுன் முடிக்க வேண்டியவை

முதலில் உங்கள் கடன் வசதியைப் பாருங்கள். கேஷ் கிரெடிட் அல்லது ஓவர்டிராஃப்ட் வசதி ஒரு வங்கியிலும், மெய்நிகர் எண் தரும் வங்கி வேறொன்றாகவும் இருந்தால், அங்கே புதிய நடப்புக் கணக்கு திறப்பதற்கு ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாடுகள் உண்டு. 2020 ஆகஸ்டில் வந்த அந்த விதிகள் பின்னர் திருத்தப்பட்டும் உள்ளன. எனவே கடன் தந்த வங்கியிடம் இன்றைய நிலையைக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும். மென்பொருள் வேலை எல்லாம் முடிந்தபின் கணக்கே திறக்க முடியாமல் நிற்பது, வரிசை மாறியதால் மட்டும் வரும் இடர்.

அடுத்தது, டீலர் பட்டியலைத் துப்புரவு செய்வது. ஒரே கடை ‘ஏஜென்சீஸ்’ என்று ஒரு பேரேட்டிலும் ‘ஏஜென்சி’ என்று இன்னொரு பேரேட்டிலும் இருக்கும். எண் வழங்கிய பிறகு இவற்றை இணைத்தால், டீலர் தன் வங்கியில் பதிந்து வைத்த எண் செல்லாததாகிவிடும். பான் எண்ணை வைத்துப் பட்டியலை வரிசைப்படுத்திப் பார்த்தால் இரட்டைப் பதிவுகள் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

மூன்றாவது, நிலுவை பில்கள் பில்வாரியாக இருக்க வேண்டும். டேலியில் பல ஆண்டுகளாக வரவுகளை `On Account` என்றே போட்டு வந்திருந்தால், டீலரின் மொத்த நிலுவை சரியாக இருக்கும். எந்தப் பில் நிலுவை என்பது எவருக்கும் தெரியாது. பொருத்தும் விதிக்கு எதிரே வைக்கத் திறந்த பில்களே இல்லாதபோது எந்த மென்பொருளும் உதவாது. சலிப்பான வேலைதான் என்றாலும், ஒவ்வொரு டீலரிடமும் நிலுவை பில் பட்டியலை அனுப்பி ஒப்புதல் வாங்கியே தீர வேண்டும்.

## 2. எண்ணை எந்த அளவில் கொடுப்பது என்று முடிவு செய்தல்

பில் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்தால் பொருத்தும் சிக்கலே இராதே என்று தோன்றும். ஒருமுறை மட்டும் வாங்கும் வாடிக்கையாளருக்கு அது பொருந்தும். மாதம் பத்துப் பில் வாங்கும் டீலருக்குப் பொருந்தாது. ஒவ்வொரு முறையும் புதிய பயனாளியைத் தன் இணைய வங்கியில் சேர்க்க வேண்டியிருப்பதால், அவர் இரண்டாம் மாதமே பழைய எண்ணொன்றுக்கு எல்லாப் பணத்தையும் அனுப்பத் தொடங்கிவிடுவார். அப்போது எண் தவறான பில்லைக் காட்டும், அது எதையும் காட்டாமல் இருப்பதைவிடத் தீங்கானது.

ஆகவே, தொடர்ந்து வாங்குபவருக்கு டீலர் பேரேடு ஒன்றுக்கு ஓர் எண். மதுரையிலும் திண்டுக்கல்லிலும் கிளை வைத்திருக்கும் ஒரே நிறுவனத்துக்கு நீங்கள் ஒரே பேரேடு வைத்திருந்தால் ஒரே எண் போதும். மாறாக, அப்பா பெயரில் ஒரு நிறுவனமும் மகன் பெயரில் இன்னொன்றும் இருந்து, பணம் மட்டும் ஒரே வங்கிக் கணக்கிலிருந்து வருமானால், இரண்டு எண்கள் கொடுத்து இரண்டு முறை அனுப்பச் சொல்ல வேண்டும். ஒருவர் பணத்தை மற்றவர் பேரேட்டுக்கு மாற்றுவது எழுத்துப்பூர்வமான கடிதம் இல்லாமல் செய்யக் கூடாதது.

## 3. எண்ணின் வடிவம்

எண்ணின் முற்பகுதியை வங்கி கொடுக்கும். அது உங்கள் நிறுவனத்துக்கான அடையாளம். பிற்பகுதி உங்களுடையது. இந்தப் பிற்பகுதியை 1, 2, 3 என்று வரிசையாக வழங்குவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் முறைகளில் வரவு வைக்கப்படுவது கணக்கு எண்ணை மட்டும் வைத்தே. பெயர் பொருந்துகிறதா என்று வரவின்போது பார்ப்பதில்லை. வரிசை எண்களில் ஓர் இலக்கம் மாறினால் அதுவும் இன்னொரு டீலரின் செல்லுபடியாகும் எண்ணாகவே இருக்கும். பணம் எந்த எச்சரிக்கையும் இன்றி அவர் பேரேட்டில் உட்கார்ந்துவிடும்.

இதைத் தடுக்க, டீலர் குறியீட்டின் கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் சேர்க்க வேண்டும். கடன் அட்டை எண்களில் உள்ள லூன் முறையே போதும். டீலர் குறியீடு 10427 என்று கொள்வோம். வலப்பக்கத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக இரட்டிக்க வேண்டும். இரட்டித்தது 9-ஐத் தாண்டினால் 9-ஐக் கழிக்க வேண்டும். 7 இரட்டித்தால் 14, அதாவது 5, அடுத்த 2 அப்படியே, 4 இரட்டித்தால் 8, 0 அப்படியே, 1 இரட்டித்தால் 2. கூட்டினால் 17. அடுத்த பத்தின் மடங்கான 20-ஐ எட்ட 3 தேவை. ஆகவே குறியீடு 104273.

```python
def check_digit(code):
    total = 0
    for i, ch in enumerate(reversed(code)):
        d = int(ch) * (2 if i % 2 == 0 else 1)
        total += d - 9 if d > 9 else d
    return (10 - total % 10) % 10

check_digit("10427")   # 3
```

டீலர் 2, 7 இரண்டையும் இடம் மாற்றி 104723 என்று தட்டினால் கூட்டுத்தொகை 24 வரும். பத்தின் மடங்கன்று, ஆகவே அப்படி ஓர் எண் உங்கள் பட்டியலில் இருக்கவே முடியாது. ஓர் இலக்கப் பிழை அனைத்தையும் இந்த முறை பிடித்துவிடும். அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறுவதில் 09, 90 என்ற ஒரு இணையை மட்டும் விட்டுவிடும்.

எண்ணின் மொத்த நீளம் 15 இலக்கத்துக்குள் இருக்கட்டும். பெரிய டீலர்கள் பலர் பணத்தை மொத்தமாக அனுப்ப எக்செல் கோப்பைத் தயாரித்து வங்கியில் ஏற்றுகிறார்கள். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களையே வைத்துக்கொள்ளும்; பதினாறாவது இலக்கத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் பூச்சியமாக்கிவிடும். எங்களிடம் ஒரே டீலரின் பணம் மூன்று முறை திரும்பிப் போனபோது, அவர் அனுப்பிய கோப்பைத் திறந்து பார்த்த பிறகே காரணம் விளங்கிற்று. வங்கி தரும் முன்னொட்டு ஆறு இலக்கம் என்றால், டீலர் குறியீட்டோடு சேர்த்துப் பன்னிரண்டில் முடிந்துவிடும். முன்னொட்டில் எழுத்துகள் இருந்தால் இந்தச் சிக்கல் இராது. ஆனால் ‘ஓ’ என்னும் ஆங்கில எழுத்தையும் பூச்சியத்தையும் குழப்பிக்கொள்ளும் வாய்ப்பு வரும். முன்னொட்டு பூச்சியத்தில் தொடங்கினால் எக்செல் அதையும் விழுங்கிவிடும் என்பதால், வேறு முன்னொட்டுக் கேளுங்கள்.

## 4. வங்கியோடு தீர்த்துக்கொள்ள வேண்டியவை

வங்கி அதிகாரி காட்டும் விளக்கப் படங்களில் எல்லாம் எளிதாகவே தெரியும். கீழ்க்காணும் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

எந்தெந்த வழியில் வரும் பணம் ஏற்கப்படும்? நெஃப்ட், ஆர்டிஜிஎஸ், ஐஎம்பிஎஸ் மூன்றும் பொதுவாக உண்டு. மறந்துபோவது, டீலருக்கும் அதே வங்கியில் கணக்கு இருக்கும் நிலை. அதே வங்கிக்குள் அனுப்பும் திரை மெய்நிகர் எண்ணை ஏற்காத வங்கிகள் உண்டு. அங்கே டீலர் வேறொரு திரை வழியாகப் போக வேண்டியிருக்கும். காசோலையும் ரொக்கமும் ஏற்கப்படுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த ஐஎஃப்எஸ்சி குறியீடு? பல வங்கிகளில் மெய்நிகர் எண்களுக்கென்று தனிக் குறியீடு இருக்கும். உங்கள் கிளையின் குறியீட்டைப் பில்லில் அச்சிட்டுவிட்டால் பணம் திரும்பலாம்.

டீலர் எண்ணைத் தட்டும்போது திரையில் எந்தப் பெயர் தெரியும்? நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்புமுன் பெறுநர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருந்தது. மெய்நிகர் எண்ணுக்கு அங்கே உங்கள் நிறுவனப் பெயர் வர வேண்டும். டீலர் பெயரோ வெற்றிடமோ வந்தால், எச்சரிக்கையான டீலர் பணம் அனுப்பாமல் உங்களைத் தொலைபேசியில் அழைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

கடைசியாக, பட்டியலில் இல்லாத எண்ணுக்குப் பணம் வந்தால் வங்கி என்ன செய்யும்? பொதுவாக மூன்று தேர்வுகள் இருக்கும்: முன்னொட்டு சரியென்றால் எல்லாவற்றையும் ஏற்பது, நீங்கள் ஏற்றிய பட்டியலோடு ஒப்பிட்டு, இல்லாததைத் திருப்புவது, ஒவ்வொரு வரவுக்கும் உங்கள் சர்வரை அப்போதே கேட்பது. நான் பரிந்துரைப்பது இரண்டாவதை. முதல் தேர்வில் உரிமையாளர் தெரியாத பணம் உங்கள் கணக்கில் குவியும். மூன்றாவதில் உங்கள் சர்வர் நள்ளிரவில் படுத்துவிட்டால் நல்ல பணமும் திரும்பிப் போகும். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டும் இப்போது 24 மணி நேரமும் நடக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவதைத் தேர்ந்தவர்கள் தவறாமல் செய்யும் ஒரு பிழையும் உண்டு: தொகை பில்லோடு பொருந்தாவிட்டால் மறுத்துவிடும்படி எழுதுவது. ஓர் ஆலையில், நிலுவை மிகுந்ததால் சரக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருந்த டீலர்களின் எண்களையும் சேர்த்து முடக்கியிருந்தார்கள். பணம் கட்ட வேண்டும் என்று யாரை நெருக்கினார்களோ, அவர்கள் அனுப்பிய பணமே திரும்பிக்கொண்டிருந்தது. எண் செல்லுமா செல்லாதா என்பது ஒன்றுக்காக மட்டுமே பணத்தைத் திருப்ப வேண்டும். மற்றவை உங்கள் கணக்குப் பிரிவின் வேலை.

## 5. வரவு அறிவிப்பைப் பெற்றுச் சேமித்தல்

வரவு வந்ததும் வங்கி உங்கள் சர்வருக்கு ஓர் அறிவிப்பு அனுப்பும். அதில் மெய்நிகர் எண், தொகை, அனுப்பியவர் பெயர், வழிமுறை, யூடிஆர் எண் ஆகியவை இருக்கும். உங்கள் சர்வர் செய்ய வேண்டியது, அதைச் சேமித்துவிட்டு ‘பெற்றேன்’ என்று உடனே பதில் சொல்வது மட்டும்தான். பில்லோடு பொருத்தும் வேலையை இதே இடத்தில் செய்யக் கூடாது. அது நேரம் எடுத்தால், பதில் வரவில்லை என்று எண்ணி வங்கி அதே அறிவிப்பை மீண்டும் அனுப்பும். ஒரே பணம் இருமுறை வரவாகிவிடும்.

இரண்டாம் அறிவிப்பு எப்படியும் ஒருநாள் வரத்தான் செய்யும். எனவே தரவுத்தளமே அதை மறுக்கும்படி அமைத்துவிடுங்கள்.

```sql
CREATE UNIQUE INDEX one_credit
  ON bank_credit (mode, utr, virtual_acc);
```

மறுக்கப்பட்ட இரண்டாம் அறிவிப்புக்கும் ‘பெற்றேன்’ என்றே பதில் சொல்ல வேண்டும். ‘பிழை’ என்று சொன்னால் வங்கி விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். யூடிஆர் எண்ணை எழுத்து வகையாகவே சேமியுங்கள். நெஃப்டில் அது 16 குறிகளும் ஆர்டிஜிஎஸ்ஸில் 22 குறிகளும் கொண்டது, எழுத்துகளும் கலந்தது. தொகையை மிதவை எண்ணாக வைக்காமல் பைசாவில் முழு எண்ணாக வைத்தால், அடுத்த படியில் வரும் ஒப்பீடுகள் ஒரு பைசாவில் தோற்காமல் இருக்கும்.

## 6. பில்லோடு பொருத்தும் விதிகள்

வழிகாட்டியின் நடுப்பகுதி இதுதான். விதிகளின் வரிசைக்கு ஒரு சட்ட அடிப்படையும் உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, 59 முதல் 61 வரையுள்ள பிரிவுகள் இதைப் பேசுகின்றன: கடனாளி எந்தக் கடனுக்கு என்று சொல்லிக் கொடுத்தால், பணத்தை ஏற்பவர் அந்தக் கடனுக்கே வைக்க வேண்டும், அவர் சொல்லாவிட்டால், கொடுத்தவர் எண்ணம் சூழ்நிலையிலும் தெரியாவிட்டால், பெறுபவர் தேர்ந்துகொள்ளலாம், இருவரும் தேர்ந்துகொள்ளாவிட்டால் கால வரிசைப்படி. ஆகவே டீலர் பில் எண்களைத் தெரிவித்திருந்தால் அதுவே முதல் விதி. தெரிவிக்காதபோதுதான் தொகையை வைத்து ஊகிக்கிறோம்.

ஒரு வரவை முழுமையாகப் பார்ப்போம். டீலர் 104273-க்குத் திறந்திருப்பவை, பழையது முதலாக:

| ஆவணம் | வரிக்கு முன் | ஜிஎஸ்டி 18% | மொத்தம் |
|---|---|---|---|
| பில் 2211 | 1,20,000 | 21,600 | 1,41,600 |
| பில் 2260 | 2,00,000 | 36,000 | 2,36,000 |
| பில் 2304 | 75,000 | 13,500 | 88,500 |
| கிரெடிட் நோட் 87 | 10,000 | 1,800 | 11,800 |

வங்கியில் வந்தது ரூ.3,65,480. குறிப்பு எதுவும் இல்லை.

பழைய பில்லிலிருந்து வரிசையாகக் கழிக்கும் விதி மட்டும் இருந்தால் என்ன ஆகும்? பில் 2211 முழுதாகத் தீரும். மீதி 2,23,880 பில் 2260-க்குப் போகும்; அதில் 12,120 நிலுவை நிற்கும். கிரெடிட் நோட் தொடப்படாமல் கிடக்கும். முப்பது நாள் கழித்து அந்த 12,120-க்கு வட்டி போட்டு டீலருக்குக் கடிதம் போகும். அவர் கோபத்தோடு அழைப்பார், நியாயமாகவே. மொத்த நிலுவையில் பெரிய தவறில்லாததால், இந்தப் பிழை மாதக் கணக்கில் கண்ணில் படாமல் இருக்கக்கூடியது.

உண்மையில் நடந்தது இது. டீலர் முதல் இரண்டு பில்களையும் கூட்டினார்: 3,77,600. திருப்பி அனுப்பிய சரக்குக்கான கிரெடிட் நோட் 11,800-ஐக் கழித்தார்: 3,65,800. பிறகு டிடிஎஸ் 320-ஐப் பிடித்தார்: 3,65,480. இந்த டிடிஎஸ், சரக்கு வாங்குபவர் பிடிக்க வேண்டியது. 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. முந்தைய ஆண்டில் பத்துக் கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர், ஒரே விற்பனையாளரிடம் ஓர் ஆண்டில் ஐம்பது லட்சத்துக்கு மேல் வாங்கினால், மிகுதிக்கு 0.1% பிடித்துச் செலுத்த வேண்டும். பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அதை நீக்கிய மதிப்பிலேயே கணக்கிடுவதால், 1,20,000-க்கு 120, 2,00,000-க்கு 200.

ஆகவே விதிகளை இந்த வரிசையில் அமையுங்கள். முதலாவது, டீலர் தெரிவித்த பில்கள். இரண்டாவது, ஒரே பில்லின் நிலுவையோடு பைசா பிசகாமல் ஒத்துப்போவது. மூன்றாவது, மிகப் பழைய பில்லிலிருந்து இடைவிடாமல் எடுத்த சில பில்களின் கூட்டுத்தொகை, திறந்துள்ள கிரெடிட் நோட்டுகளைக் கழித்தும் கழிக்காமலும். நான்காவது, இரண்டாம் மூன்றாம் விதிகளையே, டிடிஎஸ் பிடிப்பவர் என்று குறிக்கப்பட்ட டீலர்களுக்கு மட்டும், பில்வாரியாக 0.1% கழித்து மீண்டும் பார்ப்பது. நம் வரவு நான்காவது விதியில் பொருந்துகிறது. 320 ரூபாய் ‘வரவேண்டிய டிடிஎஸ்’ கணக்குக்குப் போகிறது. பின்னர் 26ஏஎஸ் அறிக்கையில் அது வந்துசேர்ந்ததா என்று சரிபார்க்கவும் அதுவே இடம்.

‘இடைவிடாமல்’ என்ற சொல்லை யாரும் முதலில் பொருட்படுத்துவதில்லை. எந்தப் பில்களை வேண்டுமானாலும் கூட்டிப் பார்க்க விட்டால், 20 பில்கள் திறந்திருக்கும் டீலருக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சேர்க்கைகள் உண்டு. அத்தனை சேர்க்கைகளில் எந்தத் தொகைக்கும் ஏதாவது ஒன்று தற்செயலாகப் பொருந்திவிடும். அதற்கு மேல் நூறு இருநூறு ரூபாய் விட்டுக்கொடுத்தல் வேறு வைத்தால் கேட்கவே வேண்டாம். பொருத்த விகிதம் உயர்ந்துவிட்டதென்று மகிழ்ச்சியாக அறிக்கை வரும், பேரேடு மட்டும் பாழாகியிருக்கும். ஆகவே விட்டுக்கொடுக்கும் தொகையை ரூபாய் பின்னத்தைச் சரிக்கட்டும் அளவுக்கு, ஒரு ரூபாய்க்குள், வைத்துக்கொள்ளுங்கள். ஒரே விதியில் இரண்டு சேர்க்கைகள் பொருந்தினால் எதையும் தேர்ந்தெடுக்காமல் மனிதரிடம் அனுப்புங்கள்.

எந்த விதியிலும் பொருந்தாத வரவு, டீலர் பேரேட்டில் `On Account` ஆக நிற்கட்டும். அவருடைய கடன் வரம்பு உடனே விடுபடும், சரக்கு நிற்காது. எந்தப் பில் என்பதை மட்டும் மறுநாள் தீர்த்துக்கொள்ளலாம். ஜிஎஸ்டி சேர்த்த தொகையில் டிடிஎஸ் பிடிக்கும் டீலர்கள் இங்கே வந்து நிற்பார்கள்: பில் 2260-க்கு 200-க்குப் பதில் 236 பிடித்திருப்பார்கள். அதற்காக விதியைத் தளர்த்துவதைவிட, அந்த டீலரின் கணக்கருக்கு ஒருமுறை எடுத்துச் சொல்வதே நல்லது.

## 7. தனியே நிற்கும் வரவுகளைத் தீர்க்கும் வேலை

பொருந்தாத வரவுகளுக்கென்று ஒருவரைப் பொறுப்பாக்கி, ஒவ்வொன்றையும் இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்கச் சொல்லுங்கள். தீர்க்கும்போது காரணத்தையும் பதிய வேண்டும்: வேறு விகிதத்தில் டிடிஎஸ், ரொக்கத் தள்ளுபடியைத் தாமே கழித்துக்கொண்டது, முன்பணம், இரு நிறுவனங்களின் பணம் ஒன்றாக வந்தது, இப்படி. ஒரு மாதப் பதிவைப் பார்த்தாலே எந்த விதி குறைகிறது என்று தெரிந்துவிடும். மூன்று டீலர்களே பெரும்பகுதிக்குக் காரணமாக இருப்பதும் பெரும்பாலும் அப்போதுதான் தெரியவரும்.

டீலரின் எண்ணுக்கு முன்பின் தெரியாத ஒருவர் பணம் அனுப்பியிருந்தால், அந்த வரவைப் பொருந்திவிட்டாலும் நிறுத்திப் பாருங்கள். டீலர் தன்னிடம் பம்பு வாங்கிய ஒப்பந்தக்காரரிடம் உங்கள் எண்ணைக் கொடுத்து நேரே கட்டச் சொல்லியிருப்பார். தீங்கில்லாததாக இருக்கலாம், ஆனால் பின்னாளில் அந்த மூன்றாமவர் பணத்தைத் திருப்பிக் கேட்டால் பதில் சொல்ல டீலரின் கடிதம் உங்களிடம் இருக்க வேண்டும்.

## 8. சோதனை ஓட்டம்

வங்கியின் சோதனைத் தளத்தில் எல்லாம் சரியாக ஓடியது என்று நம்பி நிறுத்திவிடாதீர்கள். உங்கள் ஊழியர்களின் சொந்தக் கணக்குகளிலிருந்து, வெவ்வேறு வங்கிகளிலிருந்து, உண்மையான எண்ணுக்கு ஒவ்வொரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். நெஃப்டும் ஐஎம்பிஎஸ்ஸும் இப்படிச் சோதிக்கலாம். ஆர்டிஜிஎஸ்ஸுக்கு இரண்டு லட்சம் கீழ் வரம்பு என்பதால் அதற்கு ஒரு டீலரின் உதவி வேண்டும்.

வேண்டுமென்றே தவறான எண்ணுக்கும் ஒரு ரூபாய் அனுப்புங்கள். அது திரும்பி வருகிறதா என்று பார்ப்பதே இந்தச் சோதனையின் பயன். வரவு வைக்க இயலாத நெஃப்ட் பணத்தை, அந்தத் தொகுதி முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் பெறும் வங்கி திருப்ப வேண்டும். திரும்பாமல் உங்கள் கணக்கில் உட்கார்ந்துவிட்டால், நான்காம் படியில் கேட்ட தேர்வை வங்கி மாற்றி அமைத்திருக்கிறது என்று பொருள்.

பிறகு பத்து டீலர்களோடு ஒரு மாதம் ஓட்டுங்கள். ஒழுங்காகக் கட்டும் பத்துப் பேரைப் பொறுக்கினால் எதுவும் தெரியவராது. டிடிஎஸ் பிடிப்பவர், எக்செல் கோப்பு ஏற்றுபவர், உங்கள் வங்கியிலேயே கணக்கு வைத்திருப்பவர் ஆகியோர் அதில் கட்டாயம் இருக்கட்டும்.

## 9. டீலர்களுக்குத் தெரிவித்தல்

‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்’ என்ற மின்னஞ்சல், மோசடிக்காரர்கள் அனுப்பும் மின்னஞ்சலைப் போலவே இருக்கும். ஆகவே மின்னஞ்சலை மட்டும் அனுப்பி விடுவது இரு வகையில் கெடுதல்: கவனமான டீலர் நம்பமாட்டார், நம்பிப் பழகிவிட்ட டீலர் நாளை உண்மையான மோசடி மின்னஞ்சலையும் நம்பிவிடுவார். டீலருக்கு முகம் தெரிந்த விற்பனைப் பிரதிநிதி கையொப்பமிட்ட கடிதத்தை நேரில் கொடுக்கட்டும். சந்தேகம் இருந்தால் டீலர் தன்னிடம் ஏற்கெனவே உள்ள அலுவலக எண்ணில் அழைத்து உறுதிசெய்யட்டும். கடிதத்தில் புதிய தொலைபேசி எண் எதையும் தராதீர்கள்.

எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் பில் மென்பொருள் தானே டீலர் பதிவிலிருந்து எடுத்து அச்சிட வேண்டும். ஒரு டீலரின் பழைய பில்லை நகலெடுத்துத் திருத்தி வேறொருவருக்குப் பில் போடும் வழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஒருவர் பில்லில் இன்னொருவர் எண் அச்சாகும். அந்தப் பிழையைச் சரிபார்ப்பு இலக்கத்தாலும் பிடிக்க முடியாது.

புதிதாகச் சேர்த்த பயனாளிக்கு முதல் நாளில் குறைந்த தொகையே அனுப்பலாம் என்று பல வங்கிகள் வரம்பு வைத்திருக்கின்றன. எனவே மாதக் கடைசியில் எண்ணை அறிவிக்காமல், வசூல் குறைவாக உள்ள நாள்களில் அறிவியுங்கள்.

## 10. பழைய கணக்கும் நாள்முடிவு ஒப்பீடும்

பழைய எண்ணுக்குப் பணம் வருவதை உடனே அடைக்க முடியாது. நடப்புக் கணக்கு அதுவேதான் என்றால் அடைக்கவும் இயலாது. நேரடியாக வந்த வரவுகளைத் தனிப் பட்டியலாக எடுத்து, வாரந்தோறும் அந்த டீலர்களை அழைத்துச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அவர்கள் வங்கியில் பதிந்துள்ள பழைய பயனாளியை நீக்கச் சொல்வதுதான் முக்கியம். புதியதைச் சேர்த்துவிட்டுப் பழையதை வைத்திருப்பவரின் விரல் பழக்கத்தில் பழையதையே தொடும்.

ஒவ்வொரு நாளும் காலையில், முந்தைய நாள் வந்த அறிவிப்புகளின் கூட்டுத்தொகையையும் வங்கி அறிக்கையில் மெய்நிகர் எண் வழியாக வந்த வரவுகளின் கூட்டுத்தொகையையும் ஒப்பிட வேண்டும். தொகையோடு நிற்காமல் யூடிஆர் வாரியாக ஒப்பிடுங்கள். ஒன்று விடுபட்டு ஒன்று இரட்டித்தால் மொத்தம் ஒத்துப்போய்விடக்கூடும். அறிக்கையில் இருந்து அறிவிப்பில் இல்லாதது, உங்கள் சர்வர் தவறவிட்டது. அறிக்கையிலிருந்தே அதைப் பதியுங்கள். அறிவிப்பில் இருந்து அறிக்கையில் இல்லாதது நள்ளிரவை ஒட்டி வந்ததாக இருந்தால் மறுநாள் அறிக்கையில் இருக்கும். அங்கும் இல்லாவிட்டால், அந்தப் பில்லைத் தீர்ந்ததாகக் காட்டும் பதிவை நீக்கிவிட்டு, யூடிஆர் எண்ணோடு வங்கிக்கு அன்றே எழுதுங்கள்.